பேரனுடன் லண்டன் போகும் பாட்டிக்குச் சில காகிதங்கள்
(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கோடை விடுமுறையில் பேரக் குழந்தையை அழைத்துக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். அதனால் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

நமக்கெல்லாம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' என்ற கட்டத்தில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ போடுகிறோம். உதாரணமாக, பாட்டி லலிதா ராகவன். அவர் பெண் வித்யா கார்த்திக். பேரன் அர்ஜுன் கார்த்திக், வயது ஏழு. மாமா வீட்டுக்கு லண்டன் போவது பாட்டியும் பேரனும் மட்டும். இறங்கியதும் அதிகாரி பார்ப்பது என்ன? ராகவனும் கார்த்திக்கும்! ஒட்டே இல்லை.

அவர் கேள்வி கேட்டால் கோபப்படக் கூடாது. பிரிட்டனில் 2009-ஆம் வருஷச் சட்டப்படி, குழந்தைகள் நலனைக் கவனிப்பது குடியேற்ற அதிகாரிகளின் கடமை. குழந்தையிடமே, "இவர் யார்?" என்று கேட்பதும் உண்டு. நம் குழந்தைகளுக்குப் 'பாட்டி' என்றுதான் தெரியும். லலிதா என்ற பெயர் தெரியாது. சொல்லி வையுங்கள்.

பர்த் சர்டிபிகேட் ஒன்றே போதும் என்று நினைப்பதில்தான் சிக்கல். அர்ஜுனின் சர்டிபிகேட் வித்யா அவன் தாய் என்று சொல்லும். லலிதாவைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. ஆகவே இரண்டாவது கண்ணி வேண்டும். வித்யாவின் பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தில் பெற்றோர் பெயரும் கணவர் பெயரும் அச்சாகியிருந்தால், முதல் பக்கத்தோடு சேர்த்து அதன் நகல் போதும். இரண்டு தலைமுறையும் இணைந்துவிடும். இல்லாவிட்டால் வித்யாவின் பர்த் சர்டிபிகேட்டும், கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறியதைக் காட்ட மேரேஜ் சர்டிபிகேட்டும் வேண்டும். தமிழிலோ மராத்தியிலோ மட்டும் இருந்தால், சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் கூடவே இருக்கட்டும்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் பிறந்த உடனே பதிவு செய்த சர்டிபிகேட்டில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். புண்யாஹவாசனம் ஆனதும் நாம் மறந்துவிடுகிறோம். ஒரு வருஷத்துக்குள் கட்டணமின்றியும், அதன் பிறகு பதினைந்து வருஷம் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். டிக்கெட் வாங்குவதற்கு முன்பே எடுத்துப் பாருங்கள்.

உறவு நிரூபணமானாலும் அனுமதி வேறு விஷயம். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட கடிதம் அவசியம். யார், யாருடன், எந்தத் தேதி முதல் எதுவரை, எந்த விலாசத்தில் தங்குவது, இருவர் பாஸ்போர்ட் எண்கள், பெற்றோரின் டெலிபோன் எண் - இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். விமானம் இறங்கும் நேரத்தில் அந்த டெலிபோனை யாராவது எடுக்கவும் வேண்டும். நம் ஊரில் அது நடுராத்திரியாகவும் இருக்கலாம்.

பெரியவர் துணையோடு வரும் குழந்தைக்குத் தரும் பிரிட்டிஷ் விசாவில், உடன் வருபவர் யார் என்பதும் குறிக்கப்படும். இரண்டு பேர் வரை குறிக்கலாம். பாட்டிக்கு முழங்கால் வலி வந்து கடைசி நேரத்தில் தாத்தா கிளம்பினால், குழந்தையைத் திருப்பி அனுப்பக்கூடும். விண்ணப்பிக்கும்போதே தாத்தா பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

இந்தக் காகிதங்கள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். அதிகாரியைத் தாண்டிய பிறகுதான் பெட்டி நம் கைக்கு வரும்.