எது முதலில், எது பிறகு? வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கும் ஒழுங்கு

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான வீடு திருத்தல் கூட்டத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



பெயின்ற் வாங்க எங்களில் பலரிடம் ஒரு தடவைக்குத்தான் காசு இருக்கும். ஆகவே நிறத்தைப் பற்றியல்ல, வேலை ஒழுங்கைப் பற்றியே சொல்கிறேன்.

நான் பார்த்த ஒரு வீட்டில் மண்டபத்துக்கு அழகாக நிறம் அடித்து முடித்துவிட்டார்கள். பிறகு வயரிங் செய்பவர் வந்து சுவரை வெட்டினார். அடுத்து தரைக்குச் சீமெந்து போட்டபோது அது சுவரில் ஒரு முழ உயரத்துக்குத் தெறித்தது. கடைசியில் யன்னல்களைத் தேய்த்த தூசு சுவரெல்லாம் படிந்தது. அந்த அம்மா இரண்டாந்தரம் பெயின்ற் வாங்க வேண்டி வந்தது. பெயின்றில் பிழையில்லை, அடித்தவரிலும் பிழையில்லை. ஒழுங்குதான் பிழைத்தது.

முதலில் உடைக்கிற, ஈரமான வேலைகள். கூரை ஒழுக்கை அடையுங்கள், வயரிங் குழாய்களைப் பதியுங்கள், சன்னம் பட்ட துளைகளையும் வெடிப்புகளையும் பூசுங்கள், தரையைப் போடுங்கள். சுவரிலோ வளவிலோ வெடிபொருள் போல ஏதாவது கண்டால் தொடாமல், உடனே அறிவியுங்கள்.

புதுப் பூச்சைக் குறைந்தது நான்கு கிழமை காயவிடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, ஒரு அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் ரேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் நீர்த்துளி இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரச் சுவரில் அடித்த பெயின்ற் கொப்புளித்து உரியும். மாரி மழைக் காலத்தில் இந்தக் காத்திருப்பு இன்னும் நீளும்.

இரண்டாவது, தூசு வேலைகள். சுவர், கதவு, யன்னல் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சுரண்டித் தேய்த்து முடியுங்கள். அதுவரை ஒரு பெயின்ற் ரின்னும் திறக்கக் கூடாது. பழைய வெள்ளைச் சுண்ணாம்பைக் கையால் தடவிப் பாருங்கள். மாவாக ஒட்டினால் அதன்மேல் எதுவும் பிடிக்காது. ஒட்டாத வரைக்கும் சுரண்டிக் கழுவுங்கள். பாசியும் பூஞ்சணமும் இருந்தால் அதையும் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள்.

கதவு, யன்னலில் உள்ள பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். அதை நனைத்துத் தேய்த்து, சிறுபிள்ளைகளைத் தூரத்தில் வையுங்கள். அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டைச் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம்.

பிறகு சிறு பள்ளங்களை வோல் பில்லரால் நிரப்பி, காய்ந்ததும் தேய்த்து, தூசைத் துடையுங்கள். பில்லர் வைத்த இடம் பெயின்றை உறிஞ்சும். ஆகவே பிறைமர் எப்போதும் பில்லருக்குப் பிறகுதான். கதவு, யன்னலுக்கும் இந்த நேரத்திலேயே மரத்துக்குரிய பிறைமரைப் பூசிவிடுங்கள்.

மூன்றாவது, நிறம். மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் சீலிங், அடுத்து சுவர், அதன்பின் கதவு யன்னல். மேலே அடிக்கும்போது சிந்துவது இன்னும் அடிக்காத இடத்தில் விழுந்தால் நட்டமில்லை. சுவருக்கு எமல்சன் இரண்டு தரம். முதல் தரம் நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவது. கதவு யன்னலுக்குக் கடைசி எனாமல் பூச்சு சுவர் முடிந்த பிறகு. போட்ட தரையைப் பழைய சாக்கால் மூடி வையுங்கள். சுவிட்ச் மூடி, பூட்டு, கொளுக்கி எல்லாம் கடைசியாகப் பூட்டப்படும்.

எவ்வளவு வாங்குவது? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, சுவர் ஒன்பதடி உயரம் என்று வைப்போம். சுற்றளவு 44 அடி. 9 அடியால் பெருக்கினால் 396 சதுர அடி. ஒரு கதவுக்கும் இரண்டு யன்னலுக்கும் 53 கழித்தால் 343. சாதாரண பூச்சுச் சுவரில் ஒரு லீற்றர் ஒரு தரத்துக்கு ஏறக்குறைய 100 சதுர அடிக்குப் போதும். ஆகவே பிறைமர் ஒரு தரத்துக்கு நாலு லீற்றர் ரின் ஒன்று, எமல்சன் இரண்டு தரத்துக்கு நாலு லீற்றர் ரின் இரண்டு. சொரசொரப்பான சுவர் கூடக் குடிக்கும்.

காசு போதாவிட்டால் எல்லா அறையையும் அரைகுறையாகச் செய்யாமல், ஒரு அறையைக் கடைசிப் பூச்சு வரை முடியுங்கள். மற்ற அறைகளில் பூச்சு வேலை மட்டும் முடித்து வையுங்கள். அவை காய்ந்துகொண்டே இருக்கும். அடுத்த கட்டக் காசு வரும்போது சுவர் தயாராக இருக்கும்.