கழுவினால் மட்டும் போதாது, காயணும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவின் தொழில் அமர்வில் பேசியது)



நம்மில் நிறைய பேர் மணப்பெண் அலங்காரம் செய்கிறோம். எந்த ஃபவுண்டேஷன் வாங்கலாம்னு பேசுவோம். அதைத் தடவுற பிரஷையும் ஸ்பான்ஜையும் பற்றிப் பேசுறதில்லை. அதனால இன்னைக்கு அதை மட்டும் பேசுறேன்.

எங்க குழுவில் ஒரு தங்கச்சி, ஒரே பொண்ணுக்கு மாலை ரிசப்ஷனுக்கும் மறுநாள் விடியற்காலை முகூர்த்தத்துக்கும் மேக்கப் போட்டாள். மாலையில் நல்லா வந்தது. காலையில் அதே ஃபவுண்டேஷன் கன்னத்தில் கோடு கோடாக, திட்டுத்திட்டாக நின்றது. மூன்று நாள் கழித்து, பிரஷ் தேய்த்த இரண்டு கன்னத்திலும் அந்தப் பொண்ணுக்குச் சின்னச் சின்னப் பருக்கள். “ஃபவுண்டேஷன் கெட்டுப்போச்சு, வேற வாங்கணும்க்கா”ன்னு என்கிட்ட வந்தாள். “பெட்டியைக் கொண்டா”ன்னேன்.

பிரஷின் முடி அடிப்பக்கம் குச்சி மாதிரி விறைப்பாக இருந்தது. மூடிய டப்பாவில் ஈரத்தோட வைத்திருந்த ஸ்பான்ஜை இரண்டாக வெட்டினோம். நடு வரைக்கும் பழுப்பு, அதில் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. பிரஷைக் கழுவிக் காயவைத்து, அதே பழைய ஃபவுண்டேஷனை என் கன்னத்திலேயே தடவச் சொன்னேன். வழவழன்னு பரவியது. பாட்டில் மேல தப்பே இல்லை.

காரணம் இதுதான். ஃபவுண்டேஷனில் எண்ணெயும் நிறப்பொடியும் இருக்கு. அது முகத்தின் எண்ணெய்ப்பசையோடும் உதிர்ந்த தோலோடும் சேர்ந்து முடிகளை ஒட்டவைக்குது. ஒட்டிய முடி பூசாது, கோடுதான் போடும். ஸ்பான்ஜ் நிறைந்துபோனால் அதிகப்படியானதை உறிஞ்சாது, போட்டதையே நகர்த்தும். ஐ ஷேடோ பிரஷில் பழைய நிறம் இருந்தால் புது நிறம் மங்கி அழுக்காகத் தெரியும். அந்தப் பிசுக்கிலேயே கிருமியும் வளரும். விறைத்த முடி தோலை லேசாகக் கீறும், அழுக்கு துவாரத்தை அடைக்கும், பரு வரும். கண் பிரஷாக இருந்தால் கண் சிவப்பும் ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குப் போகலாம்.

எல்லாப் பருவுக்கும் பிரஷ்தான் காரணம்னு சொல்லலை. பொருளைத் தடவின இடம் முழுக்க அரிப்பும் சிவப்பும் வந்தால் அந்தப் பொருள் ஒத்துக்காமல் இருக்கலாம். குறையலைன்னா தோல் மருத்துவரிடம்தான் அனுப்பணும்.

இப்போ கழுவும் முறை. வெதுவெதுப்பான தண்ணீர் போதும், கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். முடி கீழ்ப்பக்கம் பார்க்கிற மாதிரி பிடித்து நனையுங்க. உள்ளங்கையில் ஒரு சொட்டு குழந்தைகள் ஷாம்பூ விட்டு, முடி நுனியை வட்டமாகச் சுற்றுங்க. தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்க. வெள்ளைத் துணியில் அழுத்தினால் நிறம் ஒட்டக் கூடாது, ஒட்டினால் இன்னொரு தடவை கழுவணும். ஸ்பான்ஜை சோப்பு போட்டுப் பிழிந்து பிழிந்து, நுரை வெள்ளையாகும்வரை கழுவணும். கிழிந்தாலோ, நாற்றம் போகலைன்னாலோ தூக்கிப் போடுங்க.

இதைவிட முக்கியம் காயவைக்கிறது. ஈர பிரஷை டம்ளரில் நிமிர்த்தி வைத்தால், தண்ணீர் உலோக வளையத்துக்குள்ள இறங்கி, முடியைப் பிடித்திருக்கும் பசை இளகும். அப்புறம் முடி மணப்பெண் முகத்தில்தான் உதிரும். முடியை விரலால் கூட்டி, மேசை விளிம்பில் முடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்க வைத்து, மின்விசிறிக் காற்றில் விடுங்க. அடர்த்தியான பிரஷ் காய ஒரு ராத்திரி முழுக்க ஆகும்.

அந்தத் தங்கச்சிக்குச் சிக்கலே இங்கதான். ரிசப்ஷன் முடிய ராத்திரி பத்து மணி, மறுபடி பிரஷ் எடுக்கிறது காலை மூணு மணி. நடுவில் கழுவினாலும் காயாது. அதனால இரண்டு செட் வேணும். பெட்டியில் இரண்டு பை வையுங்க: ஒன்று சுத்தமானது, இன்னொன்று உபயோகித்தது. அம்மா, நாத்தனார்னு முகம் மாறும்போது ஃபவுண்டேஷன் பிரஷும் மாறணும், ஸ்பான்ஜ் ஆளுக்கு ஒன்று புதுசு. பவுடர் பிரஷுக்கு மட்டும், ஒட்டிய பவுடரைத் துணியில் துடைத்துவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தெளித்து, முழுசாக உலரவிட்டுப் பயன்படுத்தலாம். அடுப்பு, விளக்குப் பக்கத்தில் தெளிக்காதீங்க, தீப்பிடிக்கும். ஃபவுண்டேஷன் பிரஷுக்கு இது போதாது, எண்ணெய்ப்பிசுக்கு இருக்கும்வரை ஆல்கஹால் உள்ளே போகாது.

நம்ம சொந்த முகத்துக்கு மட்டும் பயன்படுத்துற பிரஷை வாரம் ஒரு தடவை கழுவினால் போதும்.

பின்வரிசை மேசையில் தண்ணீரும் ஷாம்பூவும் வைத்திருக்கோம். பையில் இருக்கும் பிரஷை எடுத்துட்டு வந்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்க.