பாஸ்புக்கைப் படம் எடுக்கும்போது
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)

எங்க குழு பாஸ்புக் பக்கத்தைப் போனில் படம் பிடிச்சு அனுப்பினோம். தெளிவில்லைன்னு மூணு தடவை திரும்பி வந்தது. சுருக்குப் பையில் வைக்க ரெண்டா மடிச்ச தடம், கடைசி இருப்பின் மேலேயே விழுந்திருந்தது. 13,9 வரைக்கும்தான் தெரிஞ்சது.

முந்தின இருப்பு 12,450. வரவு 1,500. கூட்டினால் 13,950. ஆனாலும் கூட்டிக் கண்டதைப் படத்தில் இருந்ததாக எழுதக் கூடாதுங்க. அது சரிபார்க்க மட்டும்தான்.

முதலில் பிளாஷை நிறுத்தினோம். லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், வழவழப்பான தாளில் பட்டு நேராகத் திரும்பி வெள்ளைப் பொட்டாக விழும். டியூப் லைட்டுக்கு நேர்கீழே நின்றால் நம்ம தலை நிழலே விழும். அதனால் திண்ணைக்கு வந்தோம், வெயில் நேராகப் படாத இடமாக. வெளிச்சம் மடிப்புக்குக் குறுக்கே வந்தால் பள்ளத்தில் நிழல் கட்டும். மடிப்பின் நீளவாக்கிலே வெளிச்சம் வருகிற மாதிரி புத்தகத்தைத் திருப்பினோம், நிழல் மெலிஞ்சு எண் தெரிந்தது.

பளபளப்பு அப்பவும் போகலைன்னா போனைக் கொஞ்சம் சாய்ச்சு இன்னொரு படம் எடுங்க. பளபளப்பு இடம் மாறும், எழுத்து மாறாது. ரெண்டையும் சேர்த்து அனுப்பலாம். நிழலில் இருட்டானதைப் பிறகு கொஞ்சம் வெளிச்சமாக்கிப் படிக்கலாம். வெளுத்துப் போன இடத்தில் எழுத்தே பதிவாகியிருக்காது, என்ன செய்தாலும் வராது. அதனால் அங்கேயே பெரிதாக்கி ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க.

மடிப்பில் மையே உதிர்ந்திருந்தால் எந்தப் படமும் உதவாது. வங்கியில் கணக்கு அறிக்கை கேட்டு வாங்க வேண்டியதுதானுங்க.