உயிரோட கொடுத்தா வரி, உயில்ல எழுதினா இல்ல: கிஃப்ட் விதிகள் எங்கிருந்து வந்துச்சு?

உயில் பத்தின எபிசோடுக்கு அப்புறம் ஒரே மாதிரி கேள்வி திரும்பத் திரும்ப வந்துச்சு. "இந்தியாவுலதான் வாரிசு வரியே கிடையாதே, அப்புறம் கிஃப்டுக்கு மட்டும் எதுக்கு வரி?" நியாயமான கேள்வி. பதில் சொல்லணும்னா 1953-க்குப் போகணும்.

அந்த வருஷம்தான் நம்ம நாட்டுல எஸ்டேட் டியூட்டி வந்துச்சு. ஒருத்தர் இறந்தா, அவர் விட்டுட்டுப் போற சொத்தோட மொத்த மதிப்புல, ஒரு வரம்புக்கு மேல வரி. பின்னாடி இதோட உச்ச விகிதம் 85 சதவீதம் வரைக்கும் போச்சு.

இப்படி ஒரு வரி இருந்தா பணக்காரக் குடும்பம் என்ன பண்ணும்? அப்பா சாகறதுக்கு முன்னாடியே பிள்ளைங்க பேருக்கு எழுதி வெச்சிடுவாங்க. இறக்கும்போது அவர் பேருல ஒண்ணும் இருக்காது, வரியும் இருக்காது. வாசக்கதவைப் பூட்டிட்டு கொல்லைக்கதவைத் திறந்து வெச்ச கதைதான்.

சட்டம் எழுதினவங்களுக்கும் இது தெரியும். அதனால அந்தச் சட்டத்துக்குள்ளயே ரெண்டு தடுப்பு வெச்சாங்க. ஒண்ணு, சாகறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷத்துக்குள்ள கொடுத்த தானம் எல்லாம் இறந்தவரோட சொத்தாகவே கணக்குல சேரும். இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. கொடுத்துட்டேன்னு பத்திரத்துல எழுதிட்டு, நீங்களே அனுபவிச்சிட்டு இருந்தா அது கொடுத்ததாவே ஆகாது.

இதுக்கு அப்போதைய மைசூர் மாநிலத்துல இருந்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன ஒரு வழக்கு இருக்கு. ஒரு அப்பா 1954-ல வீட்டை ரெண்டு மகன்களுக்கு எழுதிக் கொடுக்கிறார். பத்திரம் பக்கா. ஆனா அவர் அதே வீட்டுலதான் குடும்பத் தலைவரா இருந்தார். 1959-ல இறந்துட்டார். ரெண்டு வருஷக் கெடு எப்பவோ தாண்டியாச்சு. இருந்தாலும் 1967-ல உச்ச நீதிமன்றம், அந்த வீட்டையும் அவரோட சொத்துல சேர்த்துத்தான் வரி போடணும்னு சொல்லிடுச்சு. மகன்கள் பேருக்கு மாறினது காகிதத்துல. அப்பாவை முழுசா விலக்கிட்டு மகன்கள் அந்த வீட்டை எடுத்துக்கிட்டாங்களான்னுதான் கோர்ட் பார்த்துச்சு.

இந்த ரெண்டு தடுப்பும் போதல. முப்பத்தஞ்சு வயசுல கொடுக்க ஆரம்பிச்சு, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா மாத்தினா யாரும் கேட்க முடியாது. 1956-ல நம்ம அரசுக்கு ஆலோசனை சொல்ல வந்த கேம்பிரிட்ஜ் பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் கால்டார், கிஃப்டுக்குத் தனி வரி வேணும்னு பரிந்துரை பண்ணார். 1958-ல கிஃப்ட் டாக்ஸ் சட்டம் வந்துச்சு. இதுல வரி கட்ட வேண்டியவர் கொடுக்கிறவர்தான், வாங்குறவர் இல்ல. ஏன்னா அவர் சாகும்போது வர வேண்டிய வரிக்குத்தான் இது ஈடு.

அப்புறம் 1985-ல எஸ்டேட் டியூட்டியையே எடுத்துட்டாங்க. வருஷத்துக்கு 20 கோடி ரூபாய் அளவுதான் வசூல், அதை வசூலிக்கிற செலவும் தலைவலியும் அதிகம். காவலுக்குன்னு வந்த கிஃப்ட் டாக்ஸ் மட்டும் தனியா நின்னுச்சு. 1998 அக்டோபர்ல அதுவும் போச்சு.

ரெண்டும் போனதும் புது ஓட்டை ஒண்ணு திறந்துச்சு. இது சாவு சம்பந்தப்பட்டதே இல்ல. உங்களுக்கு நான் 10 லட்சம் சம்பளமாவோ கமிஷனாவோ கொடுத்தா நீங்க வருமான வரி கட்டணும். அதையே "அன்பளிப்பு"ன்னு சொல்லிக் கொடுத்தா? நானும் கட்ட வேண்டாம், நீங்களும் கட்ட வேண்டாம். கணக்குல வராத பணத்துக்குக்கூட "ஒரு நண்பர் கொடுத்தது"ன்னு சொல்லிடலாம்.

2004 பட்ஜெட்ல ப. சிதம்பரம் இதை அடைச்சார். பழைய கிஃப்ட் டாக்ஸைத் திரும்பக் கொண்டு வரல. சொந்தக்காரர் அல்லாதவர்கிட்ட இருந்து 25,000 ரூபாய்க்கு மேல சும்மா வாங்கினா, அது வாங்குறவரோட வருமானம்னு ஆக்கினார். கவனிங்க, வரி இப்போ கொடுக்கிறவர்கிட்ட இருந்து வாங்குறவருக்கு மாறிடுச்சு. அடைக்கிற ஓட்டையே வேறங்கிறதால. பின்னாடி வரம்பு 50,000 ஆச்சு. முதல்ல பணத்துக்கு மட்டும்தான் இருந்துச்சு, உடனே நிலமாக் கொடுக்கலாமேன்னு யோசிச்சவங்களுக்காக 2009 அக்டோபர்ல நிலம், வீடு, நகை, ஷேர் எல்லாத்தையும் சேர்த்தாங்க.

இந்த 50,000 ஒரு கழிவு இல்ல. ஜூன்ல ஒரு ஃப்ரெண்டு 40,000, டிசம்பர்ல இன்னொருத்தர் 15,000 கொடுத்தா, வருஷக் கணக்கு 55,000. தாண்டின 5,000-க்கு மட்டும் இல்ல, முழு 55,000-மும் உங்க வருமானத்துல சேரும். திருப்பிக் கொடுக்கிற கடன்னா அது கிஃப்ட் இல்ல, ஆனா அதைக் காட்ட எழுத்துல ஏதாவது இருக்கணும்.

சொந்தக்காரர் யாருன்னு சட்டம் ஒரு பட்டியல் போட்டிருக்கு. நம்ம வீட்டுப் பட்டியலோட அது ஒத்துப் போகாது. அப்பா அம்மாவோட உடன்பிறந்தவங்க அதுல இருக்காங்க. ஆனா உங்க உடன்பிறந்தவங்களோட பிள்ளைங்க இல்ல. அதனால மாமா எனக்கு 3 லட்சம் கொடுத்தா எனக்கு வரி இல்ல. அதே மாமாவுக்கு நான் 3 லட்சம் கொடுத்தா, அது அவரோட வருமானம்! மாமாவுக்கு மருமகன் சொந்தம் இல்லையாம். இது எந்த ஓட்டையை அடைக்குதுன்னு எனக்கு இன்னும் புரியல, வரைவு எழுதும்போது விட்டுப்போனதுன்னுதான் தோணுது.

இப்போ ஒரு கணக்கு. ஊர்ல ஒரு மனை, கைடுலைன் மதிப்பு 20 லட்சம், உங்க பெரியப்பா பையன் பேருல இருக்கு. அண்ணன்னுதான் கூப்பிடுவீங்க, ஆனா சட்டத்துப் பட்டியல்ல அவர் இல்ல. அவர் அதை உங்களுக்கு தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தா, அந்த வருஷம் உங்க வருமானத்துல 20 லட்சம் கூடும். 30 சதவீத ஸ்லாப்ல இருக்கீங்கன்னா வரி மட்டும் சுமார் 6 லட்சம். கையில பணமா ஒரு ரூபாய்கூட வந்திருக்காது. அதே மனை பெரியப்பா பேருல இருந்து அவர் கொடுத்தா வரி இல்ல. அந்த அண்ணனே உயில்ல எழுதி, அவர் காலத்துக்குப் பிறகு வந்தாலும் வரி இல்ல. உயில்ல வர்றதுக்கு எழுதினவர் சொந்தமா இருக்கணும்னே அவசியம் இல்ல.

1953-ல செத்தா வரி, உயிரோட கொடுத்தா தப்பிக்கலாம். இன்னைக்கு அப்படியே தலைகீழ்.

மொய் பத்தி கேட்டவங்களுக்கு: கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளைக்கு யார் கொடுத்தாலும் வரி இல்ல. ஆனா காதுகுத்து, கிரகப்பிரவேசம், பிறந்தநாளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்க நண்பர்கள் கொடுத்தது எல்லாம் அந்த 50,000 கணக்குலதான் போகும்.

2024 தேர்தல் சமயத்துல வாரிசு வரி திரும்ப வருமான்னு பெரிய விவாதம் நடந்துச்சு இல்லையா. அப்படி ஒண்ணு வந்தா, முதல்ல அடிபடப் போறது இந்த சொந்தக்காரர் விலக்குதான். இன்னைக்கு அப்பா பிள்ளைக்கு 50 கோடி கொடுத்தாலும் பிள்ளைக்கு வரி இல்ல. வாரிசு வரி இருக்கிற நாட்டுல அதை விட்டு வைக்க முடியாது. பிரிட்டன்ல இறந்தவரோட சொத்துல 3,25,000 பவுண்டுக்கு மேல பொதுவா 40 சதவீதம் வரி. அங்க பிள்ளைக்குக் கொடுத்துட்டு ஏழு வருஷம் உயிரோட இருந்தாத்தான் அந்த கிஃப்ட் வரிக்கணக்குல இருந்து முழுசா வெளிய வரும். வீட்டைக் கொடுத்துட்டு வாடகை இல்லாம அதே வீட்டுல இருந்தா, ஏழு வருஷம் தாண்டினாலும் வெளிய வராது. மைசூர் வழக்குல நம்ம கோர்ட் சொன்ன அதே விஷயம்.