அனுமதிச் சீட்டும் வாயுமானியும்: ஜூரோங்கில் ஒரு வேதியியல் பட்டதாரியின் பணி



ஏழு சிறு தீவுகளைக் கடல் தூர்த்து ஒன்றாக்கி, 2000ஆம் ஆண்டு அக்டோபரில் முறைப்படி திறந்து வைத்த இடம் ஜூரோங் தீவு. வேதியியலும் வேதிப்பொறியியலும் பயிலும் நம் பிள்ளைகள் அத்தீவைப் பற்றி முதலில் கேட்பது, அங்கே இரவு வேலை உண்டா என்பதுதான். உண்டு. நாஃப்தாவை 800 பாகைக்கு மேல் சூடேற்றி எத்திலீன் பிரிக்கும் உலையை மாலையில் அணைத்துக் காலையில் மூட்ட இயலாது. ஆகவே பல ஆலைகளில் நான்கு குழுக்கள் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முறையில் மாறி மாறிப் பணியாற்றுகின்றன. கட்டுப்பாட்டு அறையில் திரைகளைக் கவனிப்போர் சிலர். குழாய்களுக்கிடையே நடந்து பார்ப்போர் சிலர். இவர்களுக்கு மேல் ஒரு ஷிப்டு மேற்பார்வையாளர். பட்டதாரிகளில் பெரும்பாலோர் பகல்நேரப் பொறியாளர்களாகவே சேர்கின்றனர். ஆயினும் ஆலையைக் கற்றுக்கொள்ள ஷிப்டில் சில மாதங்களைக் கழித்தவர்களையே நாம் நல்ல பொறியாளர்களாகக் கண்டிருக்கிறோம்.

சம்பளம், பதவிப் பெயர் ஆகியவற்றை விளம்பரங்களில் படித்துக்கொள்ளலாம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு தாள். ஆலையில் அதற்குப் பெயர் ‘பெர்மிட்’. சிங்கப்பூரில் தமிழ்த் தொழிலாளியிடம் இச்சொல்லைக் கூறினால், தம்மை இந்நாட்டில் வேலை செய்யவிடும் அட்டையையே அவர் முதலில் நினைப்பார். நாம் குறிப்பிடுவது வேறு: இன்ன தொட்டிக்குள், இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை, இன்ன வேலையைச் செய்யலாம் என்று பொறுப்பாளர் ஒப்பமிடும் பணி அனுமதிச் சீட்டு.

அதன் அருமையை ஜூரோங் மிகக் கொடிய முறையில் அறிந்தது. 1978ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்ப்புக்காக நின்ற ‘ஸ்பைரோஸ்’ என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. பகலுணவு முடித்துத் தொழிலாளர் வேலைக்குத் திரும்பியிருந்த நேரம். 76 பேர் மாண்டனர். வெட்டும் கருவியின் தீ, எரிபொருள் தொட்டி ஒன்றினுள் இருந்த ஆவியைப் பற்றவைத்தது என்று விசாரணையில் தெரிந்தது. அத்தொட்டியில் இருந்தது கப்பல் எந்திரத்துக்கான கனமான எரியெண்ணெய். அதனுடன் கச்சா எண்ணெய் கலந்திருந்தது.

இங்கேதான் வேதியியல் நுழைகிறது. ஒரு திரவம் எந்த வெப்பநிலையில் தீப்பற்றத் தக்க அளவு ஆவியை வெளியிடத் தொடங்குகிறதோ, அதனை ‘ஃபிளாஷ் பாயின்ட்’ என்பர். கப்பல் எரியெண்ணெய்க்கு அது பொதுவாக 60 பாகைக்கு மேல். நம் ஊர் வெயிலில் 30 பாகையில் நிற்கும் தொட்டியில், அந்த எண்ணெயின் மேற்பரப்பில் வெடிக்கத் தக்க ஆவி திரள்வது அரிது. கச்சா எண்ணெயிலோ பியூட்டேன், பென்டேன் போன்ற இலேசான கூறுகள் உள்ளன. அவை அறை வெப்பத்திலேயே ஆவியாகும். கலப்பு சிறிதாயினும், ஃபிளாஷ் பாயின்ட் சரசரவென இறங்கிவிடும். தொட்டியின் மீது எழுதிய பெயரை நம்புவோர்க்கு இது தெரியாது. மாதிரி எடுத்துச் சோதித்தாலன்றித் தெரிய வழியுமில்லை.

இன்று ஜூரோங்கில் ஒரு பட்டதாரி இப்பொறுப்பை ஏற்கும்போது என்ன செய்கிறார்? நாப்தா இருந்த ஒரு தொட்டியை வடித்து, நைட்ரஜன் செலுத்தி, பிறகு காற்றோட்டம் தந்து, உள்ளே வெட்டு வேலைக்கு ஆயத்தம் செய்துள்ளதாகக் கொள்வோம். வாயுமானியுடன் அவர் ஆள்புகும் துளைக்கு வருகிறார். முதலில் பார்க்க வேண்டியது ஆக்ஸிஜன். அது 19.5 விழுக்காட்டுக்கும் 23.5 விழுக்காட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். ஏன் முதலில்? எரிவாயுவை அளக்கும் வழக்கமான உணரி, அவ்வாயுவைத் தன் உள்ளே சிறிது எரித்துத்தான் அளவு சொல்கிறது. நைட்ரஜன் முழுவதும் வெளியேறாத தொட்டியில் எரிக்க ஆக்ஸிஜன் போதாது. எனவே உள்ளே ஆவி நிறைந்திருந்தும் திரையில் சுழியம் தோன்றலாம். அந்தச் சுழியத்தைக் கண்டு மகிழ்ந்து ஒப்பமிடுபவர் கருவியைப் படித்தாரேயன்றித் தொட்டியைப் படிக்கவில்லை.

ஆக்ஸிஜன் சரியென்றால் அடுத்து எரிவாயு. ஆட்கள் உள்ளே செல்ல, அது வெடிப்பின் கீழ்வரம்பில் 10 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். கருவி 6 காட்டுகிறது என்று கொள்வோம். சரிதானே என்று தோன்றும். ஆனால் அக்கருவி மீத்தேன் கொண்டு அளவீடு செய்யப்பட்டதெனில், நாஃப்தாவிலுள்ள ஹெக்ஸேன் போன்ற கனமான ஆவியை அது ஏறத்தாழப் பாதியாகவே காட்டும். உண்மை 12ஐ நெருங்கும். சீட்டில் ஒப்பமிட இயலாது. மேலும் இவ்வாவி காற்றைவிடக் கனமானது. துளையின் வாயில் நின்று அளந்தால் போதாது. குழாயை இறக்கி நடுவிலும் அடியிலும் அளக்க வேண்டும். அடியில் படிந்த சேறு குளிர்ந்திருக்கும்வரை அமைதியாகவே கிடக்கும். மேலே இரும்பை வெட்டிச் சூடேறியதும் மீண்டும் ஆவி விடும். ஆதலால் காலை ஏழு மணி அளவு பதினொரு மணிக்குச் செல்லாது. வேலை நடக்க நடக்க அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த ஆபத்து ஷிப்டு மாறும் வேளை. 1988ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், வட கடலில் ‘பைப்பர் ஆல்பா’ எண்ணெய் மேடையில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகற்குழுவினர் கழற்றிச் சோதனைக்கு எடுத்திருந்தனர். அந்த இடத்தைத் தற்காலிக மூடியால் மூடியிருந்தனர். அன்றிரவு மற்றொரு பம்பு நின்றுவிட, இரவுக்குழுவினர் இதனை இயக்க முற்பட்டனர். இப்பம்பின் பராமரிப்புக்கு ஒரு சீட்டும், வால்வுக்குத் தனியே இன்னொரு சீட்டும் இருந்தன. பராமரிப்பு வேலை இன்னும் தொடங்கவில்லை என்று கூறும் முதற்சீட்டே அவர்கள் அறிந்தது. வால்வு இல்லாத செய்தி கைமாறவில்லை. அன்றிரவு 167 பேர் மாண்டனர்.

ஆகவே ஒரு தொட்டியின் நிலையை ஒப்படைக்கும்போது ‘வழக்கம்போல’ என்று எழுதுவதை நாம் ஏற்பதில்லை. எந்த வால்வு பூட்டப்பட்டுள்ளது, எந்தக் குழாயில் தடைத்தகடு இடப்பட்டுள்ளது, எந்தச் சீட்டு இன்னும் திறந்திருக்கிறது என்பவற்றை எழுதியபின், இரு மேற்பார்வையாளர்களும் அந்த இடத்துக்கு நடந்து சென்று பார்க்க வேண்டும்.

மொழி மன்றத்தில் இதனைப் பேசக் காரணமும் உண்டு. சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். தொட்டிக்குள் இறங்குபவர் பலவேளை புதுக்கோட்டையிலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ வந்த தம்பியாக இருப்பார். காலை டூல்பாக்ஸ் கூட்டத்தில் நைட்ரஜன் என்ற சொல்லைக் கேட்டு அவர் தலையசைப்பார். அது மூச்சை நிறுத்தும், மணமில்லை, எச்சரிக்காது என்று அவருடைய மொழியில் ஒருவர் சொல்லி, “நீங்க இப்ப என்ன செய்வீங்க, சொல்லுங்க” என்று திருப்பிக் கேட்டால்தான் அவர் புரிந்துகொண்டாரா என்பது வெளிப்படும். வெளியே காவல் நிற்பவர், உள்ளே ஒருவர் சாய்ந்தால் தாமும் குதித்துவிடக் கூடாது என்பதையும் அவ்வாறே கேட்டறிய வேண்டும். காப்பாற்றச் சென்றவரும் உள்ளேயே விழுவது இத்தகைய விபத்துகளில் மீண்டும் மீண்டும் நிகழ்வது.

பாதுகாப்புப் பணியை விரும்புவோர்க்கு இரு பாதைகள் உண்டு. மனிதவள அமைச்சிடம் பதிவு பெற்ற வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார அதிகாரியாவது ஒன்று. குழாயழுத்தம், வெடிப்பு வரம்பு, வால்வின் கொள்ளளவு ஆகியவற்றைக் கணக்கிடும் செயல்முறைப் பாதுகாப்புப் பொறியாளராவது மற்றொன்று. வேதிப்பொறியியல் படித்தவர்க்கு இது இயல்பாகப் பொருந்தும். எதற்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்றாலும், நம் மாணவர்கள் கேட்க வேண்டிய வினா ஒன்று இருக்கிறது: நேற்றிரவு ஷிப்டு ஒப்படைப்புப் பதிவேட்டை ஒருமுறை பார்க்கலாமா?