தீர்மான நோட்டில் ஏறாத மனு

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சா கை நடுங்கும். நடந்ததை நடந்த மாதிரியே சொல்லிடறேன்.

எங்க குழுவில் பதினாலு பேர். நான் கேழ்வரகு முறுக்கு சுட்டு விக்கிறேன். போன வருஷம் மாவட்டத்துல நடந்த கண்காட்சியில மூணு நாளைக்குக் கொண்டு போன சரக்கு ரெண்டாம் நாள் மதியமே தீர்ந்து போச்சு. அதைப் பார்த்து ஒரு மாணவியர் விடுதியில மாசம் இருபது கிலோ கேட்டாங்க. அடுத்த விழாவில என்னை மேடையேத்தி சால்வை போட்டாங்க. எப்படிக் கத்துக்கிட்டீங்கன்னு கேட்டதுக்கு, "நானே செஞ்சு பார்த்துக் கத்துக்கிட்டேன்"னு சொன்னேன். இந்த வார்த்தையை ஞாபகத்துல வெச்சுக்கங்க.

அதுக்கப்புறம் எங்க ஊக்குநர் அக்கா என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. நான் திண்ணையில உட்கார்ந்தா அவங்க எழுந்து உள்ள போயிடுவாங்க. வீட்டுல ஏதாவது கஷ்டமோன்னு முதல்ல நினைச்சேன். ஆனா மத்தவங்க கிட்ட எப்பவும் போலச் சிரிச்சுத்தான் பேசினாங்க. என்கிட்ட மட்டும்தான் இப்படின்னு புரிய ஒரு மாசம் ஆச்சு.

முகம் திருப்பினதைத் தாங்கிக்கலாம். பெரிய வாணலியும் கேஸ் அடுப்பும் வாங்க குழுவில முப்பதாயிரம் உள்கடன் கேட்டு மனு கொடுத்திருந்தேன். முதல் வாரம், "தீர்மான நோட்டு வீட்டுல இருக்கு"ன்னாங்க. அடுத்த வாரம், "ஆள் குறைவா இருக்கு, பிறகு பார்ப்போம்"ன்னாங்க. மூணாவது வாரம் வேற ஒருத்தருக்குக் கடன் எழுதினாங்க, என் மனுவைப் பத்திப் பேச்சே இல்ல. நம்ம குழுக்கள்ல தீர்மானம் எழுதி ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்துப் போடாம வங்கியில பணம் எடுக்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும். முடியாதுன்னு யாரும் சொல்லல. அதனால யார்கிட்டப் போய் நியாயம் கேட்கறது? விடுதி ஆர்டரைச் சின்ன வாணலியில ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சுட்டேன்.

இதுக்கு நடுவுல விடுதிக்காரம்மா, "பழைய எண்ணெயில சுடறீங்களாமே?"ன்னு கேட்டாங்க. யார் சொன்னதுன்னு சொல்லல. அதை நான் அக்கா தலையில போட மாட்டேன், எனக்குத் தெரியாது. எண்ணெய் வாங்கின ரசீதெல்லாம் காட்டி, சுடும்போது நேரா வந்து பார்க்கச் சொன்னேன். பழைய எண்ணெய்னா கருத்து, நுரை கட்டும், அடுப்புல வெச்ச கொஞ்ச நேரத்துலயே புகையும். அவங்க வந்து பார்த்துட்டுப் போனாங்க. ஆர்டர் தப்பிச்சது.

அன்னிக்கு நேரா அக்கா வீட்டு வாசல்ல போய்க் கத்தணும்னு கிளம்பினேன். என் மாமியார்தான், "கத்தினா ஊரே அவ பக்கம் போயிரும், நோட்டைக் கேளு"ன்னாங்க. என் மாமியார் நல்லது சொல்றது வருஷத்துக்கு ஒரு தடவை, அது அன்னிக்கு.

அடுத்த கூட்டத்துல யார் பேரையும் சொல்லாம, "கடந்த நாலு கூட்டத்துத் தீர்மானத்தையும் படிக்கணும்"னு மட்டும் கேட்டேன். பிரதிநிதி படிச்சாங்க. என் மனு எந்தத் தேதியிலயும் ஏறலன்னு எல்லாருக்கும் காதுல விழுந்துச்சு. பொறாமை அது இதுன்னு யாரும் பேசல. மனு வந்த அன்னிக்கே தேதி போட்டு நோட்டுல ஏத்தணும், தள்ளி வெச்சா காரணத்தை எழுதணும்னு அன்னிக்குத் தீர்மானம் போட்டாங்க. அதுக்கடுத்த வாரம் கடன் வந்துச்சு.

கடன் வந்த பிறகு ஒரு நாள் தனியா அக்கா வீட்டுக்குப் போனேன். ரொம்ப நேரம் கீரை ஆய்ஞ்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், "மாவுல காய்ச்சின எண்ணெயை ஊத்திப் பிசையணும், அப்பத்தான் மொறுமொறுன்னு வரும்னு உனக்கு யாருடி சொன்னா?"ன்னு கேட்டாங்க.

அவங்கதான் சொன்னாங்க. ஒரு கிலோ கேழ்வரகு மாவுக்குக் கால் கிலோ அரிசி மாவும் ஒரு கை பொட்டுக்கடலை மாவும் சேர்த்தாத்தான் பிழியும்போது உடையாதுன்னு சொன்னதும் அவங்கதான். என்னைக் குழுவில சேர்க்க என் வீட்டுக்காரர்கிட்டப் பேசினதும் அவங்க. மேடையில நான் அதையெல்லாம் விழுங்கிட்டேன். வேணும்னு செய்யல, சால்வையைப் பார்த்ததும் வாய் அப்படிப் போயிருச்சு.

அதுக்காக என் மனுவை அமுக்கி வெச்சது சரின்னு ஆயிடாது. அதையும் அவங்ககிட்டயே சொன்னேன். பதில் சொல்லல. "காப்பி குடிக்கிறியா?"ன்னு கேட்டாங்க.

இங்க பேசறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட அனுமதி கேட்டேன். "என் பேரைச் சொல்லாத"ன்னாங்க. முறுக்கு அவங்க சொல்லிக் கொடுத்ததுன்னு மட்டும் சொல்லிக்கறேன்னேன். அதுக்குச் சிரிச்சாங்க. பழைய மாதிரி இன்னும் இல்ல. இந்த மாச ஆர்டருக்கு மாவு பிசையக் கூப்பிட்டிருக்கேன், கூலியும் பேசியிருக்கேன். வர்றேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. புதன்கிழமை காலையில அடுப்பு பத்த வைக்கிறேன், பார்ப்போம்.