ஆறு அறை, ஒரே மினிட்ஸ்

இன்னைக்கு ஒரு சின்ன விஷயம்தான். அறுபது பேர் ஆன்லைன் ஒர்க்‌ஷாப். ஆறு பிரேக்அவுட் ரூம். அரை மணி நேரத்துல எல்லாரும் திரும்பி வர்றாங்க, உங்க கையில ஆறு விதமான நோட்ஸ். அதை எப்படி ஒரே மினிட்ஸா ஆக்குறது?

முதல்ல ஒண்ணு. ஜூம்ல கிளவுட் ரெக்கார்டிங் போட்டா பிரேக்அவுட் ரூம்ல பேசுறதும் பதிவாகும்னு நம்பி இருக்காதீங்க. அதனால ஒவ்வொரு ரூமிலும் நோட்ஸ் எழுத ஒருத்தரை முன்னாடியே சொல்லி வைக்கணும். அவங்க எழுதுற ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் ரூம் நம்பரோட சேர்த்து ஒரு எண் கொடுங்க. மூணாவது ரூமோட முதல் பாயிண்ட்னா 3-1.

அடுத்து, மினிட்ஸை ரூம் வாரியா எழுதாதீங்க, தலைப்பு வாரியா எழுதுங்க. உதாரணத்துக்கு, ரிலீஸ் எப்போ பண்ணலாம்னு ஒரு ஒர்க்‌ஷாப். வந்த நோட்ஸ் இது:

1-2: வெள்ளிக்கிழமை ரிலீஸ் வேண்டாம்.
3-1: வார இறுதிக்கு முந்தின நாள் ரிலீஸ் வேண்டாம்.
5-4: பத்து நிமிஷத்துல ரோல்பேக் பண்ண முடிஞ்சா எந்த நாளும் சரி.

"வெள்ளிக்கிழமை ரிலீஸ் வேண்டாம் என்று பெரும்பாலானோர் கருதினர்"னு எழுதத் தோணும். அதுல ரெண்டு தப்பு இருக்கு. மத்த மூணு ரூம்ல இதைப் பத்திப் பேசவே இல்லை. பேசாததை சம்மதம்னு எடுத்துக்க முடியாது. இன்னொண்ணு, மூணாவது ரூம்ல இருந்தது ரியாத் கஸ்டமர்களைப் பார்க்குற டீம். அங்க வெள்ளி, சனிதான் விடுமுறை. அவங்க சொன்னது வியாழக்கிழமையை! நோட்ஸ் எழுதினவரைக் கேட்டாத்தான் இது தெரியும். அதனால டிராஃப்டை எல்லா ரூமுக்கும் அனுப்பி, ஒரு நாள் டைம் கொடுங்க.

கடைசியா மினிட்ஸ்ல வர்றது இப்படி இருக்கும்:

"ரிலீஸ் நாள்: கஸ்டமரின் வார இறுதிக்கு முந்தைய நாளைத் தவிர்க்க இரண்டு குழுக்கள் பரிந்துரைத்தன (1-2, 3-1). ரோல்பேக் வேகமாக இருந்தால் தடை தேவையில்லை என ஒரு குழு கருதியது (5-4). மற்ற மூன்று குழுக்கள் இதைப் பேசவில்லை. முடிவு எடுக்கப்படவில்லை. அடுத்த வேலை: ரோல்பேக்குக்கு ஆகும் நேரத்தை அளந்து 14-ஆம் தேதிக்குள் சொல்வது. பொறுப்பு: பிளாட்ஃபார்ம் டீம் லீட்."

கவனிச்சீங்களா, "பரிந்துரை"ன்னுதான் இருக்கு. பத்து பேர் ஒரு ரூம்ல ஒத்துக்கிட்டது அறுபது பேரோட முடிவு ஆகாது. மெயின் ரூம்ல எல்லார் முன்னாடியும் கேட்டு ஒத்துக்கிட்டதுக்கு மட்டும்தான் "முடிவு"ங்கிற வார்த்தை. பொறுப்புலயும் "டீம்"னு பொதுவா விடாம ஒரே ஒரு ஆளைக் குறிங்க.

அனுப்புறதுக்கு முன்னாடி கடைசி செக். ஆறு ரூம்ல இருந்து 31 பாயிண்ட் வந்திருந்தா, அந்த 31 எண்ணும் மினிட்ஸ்ல எங்கயாவது இருக்கணும். ஒரு எண் காணோம்னா, யாரோ சொன்ன ஒரு விஷயம் விட்டுப்போச்சுன்னு அர்த்தம். எது விட்டுப்போச்சுன்னு அந்த எண்ணே காட்டிக் கொடுத்துரும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.